26 கிலோ அரிசிச் சிப்பம் எத்தனை நாளைக்கு வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு, கேரள எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து வீடுகளில் அரிசி இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து பொன்னிப் புழுங்கல், பாலக்காட்டுப் பக்கமிருந்து மட்டை, ரேஷன் கடையிலிருந்து இன்னொன்று. அளக்கும் பாத்திரமும் வீட்டுக்கு வீடு வேறு. அதனால் அடுத்த வீட்டுக் கணக்கு நம் வீட்டுக்குப் பொருந்தாது. இந்தப் பக்கத்தில் உள்ள கணக்கெல்லாம் ஒரே ஒரு வீட்டை வைத்துப் போடப்பட்டவை. உங்கள் வீட்டு எண்களை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்க வீட்ல அஞ்சு பேருங்க. 26 கிலோ சிப்பம் ஒண்ணு வாங்குனா எத்தனை நாளைக்கு வருமுங்க?

மதியச் சோறும் இரவில் கொஞ்சம் சோறும் மட்டும் அந்தச் சிப்பத்திலிருந்து ஆகிறதென்றால் 36 நாள் வரும். இட்லி, தோசை மாவுக்கும் அதிலிருந்தே எடுத்தால் 29 நாள். அளக்கிற கை தாராளமாக இருந்தால் இன்னும் குறையும்.

இது ஒரு பாட்டி, கணவன், மனைவி, பதினான்கு வயதுப் பையன், ஏழு வயதுப் பெண் என்று ஐந்து பேர் இருக்கும் வீட்டுக் கணக்கு. ஐந்தும் பெரியவர்களாக, அதில் இரண்டு பேர் காட்டு வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால் இதே சிப்பம் மூன்று வாரத்தில் முடிந்தாலும் வியப்பில்லை. ஆள் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்லும் பதில் எதுவும் சரியாக வராததற்கு இதுதான் காரணம். ஆளை எண்ணுவதை விட்டு டம்ளரை எண்ண வேண்டும்.

டம்ளர எண்ணுறதுன்னா எப்படிங்க? கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.

மூன்று வேலைதான். டம்ளரின் எடையைக் கண்டுபிடிப்பது, ஒரு வாரம் எண்ணுவது, வகுப்பது.

முதலில், தினமும் அரிசி அளக்கும் அதே டம்ளரை எடுத்துத் தலைதட்டி நிரப்புங்கள். தலைதட்டுவது என்றால் விளிம்புக்கு மேலே நிற்கும் அரிசியை விரலாலோ கரண்டிக் காம்பாலோ வழித்துவிடுவது. அதைச் சமையலறைத் தராசில் வைத்து, காலி டம்ளரின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை இப்படிப் பார்த்து நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொண்டால் போதும். நம் எடுத்துக்காட்டு வீட்டில் 200 மில்லி எவர்சில்வர் டம்ளர். பொன்னிப் புழுங்கல் தலைதட்டி அளந்தால் 165 கிராம் நிற்கிறது.

அடுத்து, அரிசிப் பானை மூடியில் ஒரு தாளை ஒட்டி, பக்கத்திலேயே பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு முறை அரிசி எடுக்கும்போதும் எத்தனை டம்ளர் என்று ஒரு கோடு. யார் எடுத்தாலும் கோடு போட வேண்டும். இப்படி ஏழு நாள்.

அந்த வீட்டுத் தாளில் ஒரு வாரம் இப்படி இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் டிபன் பாக்ஸுக்கும் பாட்டிக்கும் சேர்த்து 3 டம்ளர், இரவில் சோறு சாப்பிடும் இரண்டு பேருக்கு 1 டம்ளர். ஆக நாளுக்கு 4, ஐந்து நாளைக்கு 20. சனிக்கிழமை எல்லாரும் வீட்டில் இருப்பதால் மதியம் 4, இரவு 1. ஞாயிறு கறிக்குழம்பு, மதியம் மட்டும் 5, இரவுக்கு சப்பாத்தி. மொத்தம் 30 டம்ளர்.

30 டம்ளர் × 165 கிராம் = 4950 கிராம். ஏறக்குறைய வாரத்துக்கு 5 கிலோ. அதை ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு 707 கிராம். 26,000 கிராமை 707-ஆல் வகுத்தால் 36.8 வரும். கடைசி முக்கால் நாளை விட்டுவிட்டு 36 நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏன் முழு வாரம் என்றால், ஒரே நாளை வைத்துப் பெருக்கினால் கணக்கு கவிழும். அதே வீட்டில் திங்கட்கிழமையை மட்டும் பார்த்தால் 4 டம்ளர், 660 கிராம், சிப்பம் 39 நாள் வரும் என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பார்த்தால் 825 கிராம், 31 நாள்தான். எட்டு நாள் வித்தியாசம். இரண்டுமே பொய்.

தலைதட்டுறதுல என்னங்க பெரிய வித்தியாசம் வந்திரப் போகுது?

ஐந்து நாள் வருகிறது.

அதே 200 மில்லி டம்ளரைக் கோபுரமாக அள்ளினால் 195 கிராம் வரை நிற்கும். ஒரு டம்ளருக்கு 30 கிராம் கூடுதல், ஒரு பிடிகூட இல்லை, கண்ணுக்கே தெரியாது. ஆனால் வாரத்துக்கு 30 டம்ளர். 30 × 195 = 5850 கிராம். 26 கிலோவை அதனால் வகுத்தால் 4.4 வாரம், அதாவது 31 நாள். டம்ளரும் அதே, கோடுகளும் அதே, சிப்பம் மட்டும் ஐந்து நாள் முன்னாலேயே முடிந்துவிடும்.

மாமியார் அளக்கும் மாதம் ஒரு கணக்கும் மருமகள் அளக்கும் மாதம் இன்னொரு கணக்கும் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். யார் மீதும் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஒருவர் வழித்து அளக்கிறார், ஒருவர் அள்ளி அளக்கிறார், அவ்வளவுதான். கோபுரமாக அள்ளித்தான் பழக்கம் என்றால் அதையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் எடை போடும்போதும் கோபுரமாகவே போட வேண்டும். தலைதட்டி எடை போட்டுவிட்டு அடுப்படியில் கோபுரமாக அள்ளுவதுதான் தவறு.

கோபுர அளவுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அது கைக்குக் கை மட்டுமல்ல, நாளுக்கு நாளும் மாறும். பானை நிறைய இருக்கும்போது டம்ளர் தானாகவே மேலே குவிந்து வரும். அடியில் இருக்கும்போது சாய்த்து அள்ளுவதால் குறைவாக வரும். தலைதட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

எங்க வீட்ல தராசு இல்லீங்களே.

கடையில் 5 கிலோ எடை போட்டு வாங்கி வந்து, வீட்டு டம்ளரால் தலைதட்டி அளந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். எத்தனை டம்ளர் வந்ததோ அதனால் 5000-ஐ வகுத்தால் ஒரு டம்ளரின் எடை கிடைத்துவிடும். 30 டம்ளர் வந்தால் ஒன்று ஏறக்குறைய 167 கிராம்.

தராசில் ஒரு டம்ளரை நிறுத்துவதைவிட இந்த வழி உண்மையில் துல்லியமானது. ஒரு டம்ளரில் ஐந்து கிராம் கூடக்குறைய இருந்தாலும் முப்பது டம்ளரில் அது சமப்பட்டுவிடும். வாங்கும் அரிசி மட்டும் சிப்பத்தில் இருக்கும் அதே ரகமாக இருக்கட்டும்.

கரண்ட் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப்பால் அளக்கும் வீடுகளுக்கு இந்த வேலையும் தேவையில்லை. அந்தக் கப் பொதுவாக 180 மில்லி, தலைதட்டினால் ஏறக்குறைய 150 கிராம் அரிசி பிடிக்கும்.

எங்க அத்தை ஆழாக்குலதான் அளப்பாங்க. எங்கூட்டுக்காரங்க சித்தூருப் பக்கம், அவங்க நாழிம்பாங்க. இத எப்படிங்க கிராமாக்குறது?

பெயரை வைத்துக் கிராமாக்க வேண்டாம், பாத்திரத்தை எடை போடுங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி, நான்கு நாழி ஒரு இடங்கழி என்ற வாய்ப்பாடு எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஆனால் அந்தப் பெயரில் வீட்டில் இருக்கும் பாத்திரம் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு வீட்டில் ஆழாக்கு என்பது பழைய பித்தளை அளவு, இன்னொரு வீட்டில் அது பால் பவுடர் டப்பா. நாழியும் அப்படியே. மேலே சொன்ன 5 கிலோ வழி ஆழாக்குக்கும் நாழிக்கும் டப்பாவுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும்.

கணக்குப் போட்டா 36 நாளு வருது. ஆனா சிப்பம் 29, 30 நாள்லயே தீந்து போகுது. மீதி எங்கதாங்க போகுது?

பெரும்பாலும் கிரைண்டருக்குப் போகிறது.

சோற்றுக்கு எடுப்பதைத்தான் எல்லாரும் கணக்கில் சேர்க்கிறார்கள். இட்லிக்கு ஊறப்போடுவது வேறு கணக்கு என்று மனதில் நின்றுவிடுகிறது. அந்த எடுத்துக்காட்டு வீட்டில் வாரத்துக்கு இரண்டு முறை மாவாட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் 4 டம்ளர் அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து. வாரத்துக்கு 8 டம்ளர் அரிசி, 1320 கிராம். இட்லி அரிசி தனியாக வாங்கும் மாதத்தில் இது சிப்பத்தைத் தொடாது. இட்லி அரிசி தீர்ந்து போய், வாங்கி வரும்வரை பொன்னியையே போடுவோம் என்று ஆரம்பித்தால், வாரச் செலவு 4950-லிருந்து 6270 கிராமாக ஏறிவிடும். 26,000-ஐ 6270-ஆல் வகுத்தால் 4.15 வாரம், 29 நாள். காணாமல் போன ஏழு நாளும் இட்லியாகத்தான் போயிருக்கிறது.

இட்லி இல்லையென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது, மேலே சொன்ன கோபுர அளவு. எண்ணும் அந்த ஒரு வாரம் மட்டும் எல்லாரும் கவனமாகத் தலைதட்டுவார்கள், தாளை எடுத்த மறுநாள் கை பழையபடி அள்ள ஆரம்பிக்கும்.

மூன்றாவது, மிஞ்சும் சோறு. தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலை பழையதாகச் சாப்பிடும் வீட்டில் அது வீணில்லை, காலை டிபன் அரிசியைத்தான் மிச்சப்படுத்துகிறது. நாய்க்கும் கோழிக்கும் போடுவதற்கென்றே அரை டம்ளர் சேர்த்து வைக்கும் வழக்கம் இருந்தால் அதுவும் ஒரு செலவு. நாளுக்கு அரை டம்ளர் என்பது 82 கிராம். அது ஒன்று மட்டுமே 36 நாளை 32 நாளாக்கிவிடும். செலவு செய்வது தவறில்லை, ஆனால் கோடு போட வேண்டும்.

ரேஷன் அரிசியும் வருதுங்க. அத எப்படிச் சேக்குறது?

சிப்பத்தோடு கலக்காமல், அதற்கென்று ஒரு வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் கணக்கு எளிது.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன்னுரிமை அட்டைக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம், அந்த்யோதயா அட்டைக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ. கேரளத்தில் முன்னது இளஞ்சிவப்பு அட்டை, பின்னது மஞ்சள் அட்டை. நம் எடுத்துக்காட்டு வீட்டின் முழு அரிசிச் செலவு, சோறும் இட்லியும் சேர்த்து, 30 நாளைக்கு 26.9 கிலோ. அதில் இட்லி, தோசைக்கு மட்டும் 5.7 கிலோ. ரேஷனில் கிடைக்கும் புழுங்கலரிசியில் 6 கிலோவை மாவாட்ட ஒதுக்கிவிட்டால் சிப்பம் 29 நாளிலிருந்து மறுபடி 36 நாளுக்கு வந்துவிடும். புழுங்கலாக இருந்தால் இட்லிக்கு நன்றாகவே வரும், கூடுதலாக ஒரு மணி நேரம் ஊறட்டும்.

கலந்து போட்டால் என்ன ஆகும் என்றால், இரண்டும் ஒரே பதத்தில் வேகாது. ஒன்று குழையும்போது இன்னொன்று நறுக்கென்று நிற்கும், குழைந்ததைப் பார்த்து யாரும் சாப்பிடாமல் மிஞ்சும். மிச்சம் பிடிக்கக் கலந்தது செலவில் முடியும். தவிர, ரேஷன் அரிசியில் வண்டு இருந்தால் நல்ல சிப்பத்துக்கும் ஏறிவிடும்.

சிப்பம்னா 25 கிலோன்னுதான நெனச்சோம். கடையில 26, 30ன்னு எல்லாம் இருக்குதே?

வெளியே அச்சடித்த எடையைப் பார்த்தே கணக்குப் போடுங்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கும் மாவுக்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு மேல் எடையுள்ள பைக்கு அந்த வரி இல்லை. ஆகவே ஆலைகள் 26 கிலோவாகக் கட்ட ஆரம்பித்தன, சிலர் 30 ஆக்கினார்கள். பேச்சில் மட்டும் எல்லாமே சிப்பம்தான்.

நம் வீட்டுக் கணக்கில் 25-க்கும் 26-க்கும் இடையில் ஒன்றரை நாள்தான். 26-க்கும் 30-க்கும் இடையில் ஐந்தரை நாள் இருக்கிறது. போன மாதம் 30 கிலோ வாங்கியதை மறந்துவிட்டு இந்த மாதம் 26 கிலோ வாங்கினால், யாரோ அரிசியை எடுத்துவிட்ட மாதிரித் தோன்றும். சிப்பத்தைப் பிரிக்கும்போது தேதியோடு எடையையும் சுவர்க் காலண்டரில் எழுதிவிடுங்கள்.

எடையிலேயே சந்தேகம் என்றால், தையலைப் பிரிக்கும் முன்னால் கடைத் தராசிலேயே ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் சாக்கின் எடை நூறு கிராம் சொச்சம்தான், அதைக் கழித்தால் போதும். பிரித்த பிறகு கேட்டால் கடைக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார், அதில் நியாயமும் உண்டு.

பொன்னியிலிருந்து மட்டை அரிசிக்கு மாறிட்டோம். பழைய கணக்கு சரி வருமா?

வராது. டம்ளரை மறுபடி எடை போட்டு, மறுபடி ஒரு வாரம் எண்ண வேண்டும். மட்டை உருண்டையான, பருத்த மணி. டம்ளருக்குள் பொன்னி அடையும் விதம் வேறு, மட்டை அடையும் விதம் வேறு. எடையைவிடப் பெரிய மாற்றம் சாப்பிடும் அளவில்தான் வரும். மட்டையில் தவிடு கொஞ்சம் ஒட்டியிருப்பதால் மென்று சாப்பிட வேண்டியிருக்கிறது, பெரியவர்களுக்குச் சீக்கிரம் வயிறு நிறைகிறது. ஆனால் பொன்னிக்குப் பழகிய பிள்ளைகள் முதல் இரண்டு வாரம் பாதியைத் தட்டிலேயே வைத்துவிடுவதும் உண்டு. ஆகவே மாறியவுடனே எண்ணாதீர்கள், மூன்றாவது வாரம் எண்ணுங்கள்.

ரகம் மாறாமலே கணக்கு மாறும் இன்னொரு சமயமும் உண்டு. அறுவடை முடிந்து புது அரிசி வரும்போது. புது அரிசி தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும், வெந்தால் ஒட்டும், பழைய அரிசி அளவுக்குப் பானையில் பெருகாது. மூன்று டம்ளர் போட்டு வடித்தால் வழக்கமான பானை மட்டத்துக்கு வரவில்லையே என்று கை தானாக அரை டம்ளர் கூட்டும். அந்த அரை டம்ளர் நான்கு நாளைத் தின்றுவிடும். விலை ஒன்றாக இருந்தால், ஆறு மாதத்துக்கு மேல் இருப்பு வைத்த பழைய அரிசியைக் கேட்டு வாங்குவது சிப்பத்தை நீட்டும். ஒரு பிடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் பழையது லேசாகப் பழுப்பு ஏறி, மணி காய்ந்து, கையில் ஒட்டாமல் உதிரும்.

பாதி ஆயிருச்சா, கால்தான் மிச்சமான்னு நடுவுல எப்படிங்க தெரிஞ்சுக்கிறது? தீந்த அன்னிக்குத்தான் தெரியுது.

அரிசியைச் சாக்கிலேயே வைத்திருந்தால் தெரியாது. சாக்கு மடிந்து மடிந்து கண்ணை ஏமாற்றும். நேர்ச்சுவர் உள்ள டிரம்முக்கு மாற்றுங்கள். 26 கிலோ அரிசிக்கு 35 லிட்டர் டிரம் வேண்டும், 25 லிட்டரில் அடங்காது.

மாற்றும்போதே கோடு போட்டுவிடலாம். 5 கிலோவுக்கு எத்தனை டம்ளர் என்று தெரியுமல்லவா, 30 டம்ளர் போட்டு, மேற்பரப்பைக் கையால் சமன் செய்து, டிரம்மின் வெளியே நெயில் பாலிஷால் ஒரு கோடு. அடுத்த 30 டம்ளருக்கு அடுத்த கோடு. ஒளி ஊடுருவாத டிரம் என்றால் உட்புறம் கோடு போடாமல், ஒரு மரக்குச்சியில் அந்த உயரங்களைக் குறித்து, குச்சியை அரிசியில் அடிவரை குத்திப் பார்க்கலாம். இந்த வேலை ஒரு முறைதான். அடுத்த சிப்பத்துக்கு அப்படியே கொட்ட வேண்டியதுதான்.

நம் வீட்டில் ஒரு கோடு என்பது ஒரு வாரம். கடைசிக் கோட்டுக்கு அரிசி இறங்கியதும் கடைக்குச் சொல்லிவிட்டால், இன்னும் ஏழு நாள் கையில் இருக்கிறது. வண்டி வாரம் ஒரு முறைதான் வரும் ஊராக இருந்தாலும் அது போதும்.

அடியிலிருந்து இரண்டாவது கோட்டுக்கு வரும்போது காலண்டரைப் பாருங்கள். 26 கிலோவில் 16 கிலோ போய்விட்டது, 22 அல்லது 23 நாள் ஆகியிருக்க வேண்டும். 18 நாள்தான் ஆகியிருக்கிறது என்றால் எங்கோ கணக்கில் வராத செலவு இருக்கிறது. தீர்ந்த பிறகு தேடுவதைவிட அப்போது தேடுவது சுலபம், நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும்.

வெலை கொறையிறப்ப ரெண்டு மூணு சிப்பம் சேத்து வாங்கிப் போட்டா நல்லதுதானுங்களே?

இரண்டுக்கு மேல் வேண்டாம், மழைக்காலத்தில் ஒன்றே போதும். அரிசி வண்டு மணிக்குள்ளேயே முட்டை வைக்கிறது. வாங்கும்போது ஒன்றும் தெரியாது. நம் ஊர்ச் சூட்டில் முட்டை பெரிய வண்டாக வெளிவர நான்கைந்து வாரம் ஆகும். 36 நாளில் முடியும் சிப்பத்தில் முதல் வண்டு தலைகாட்டும்போது அரிசி அடியில் இருக்கும். இரண்டாவது சிப்பத்தைப் பிரிக்கும்போதே அது ஐந்து வாரப் பழசு, மூன்றாவது பத்து வாரப் பழசு. அதற்குள் வண்டு இரண்டு தலைமுறை பெருகியிருக்கும்.

கையை அரிசிக்குள் விட்டுப் பாருங்கள். அடியில் மாவுத் தூசி ஒட்டினால், ஊசி முனை அளவு ஓட்டையுள்ள மணி தெரிந்தால், உள்ளே லேசாகச் சூடு தட்டினால் வண்டு வேலையை ஆரம்பித்துவிட்டது. அரிசி நூல் கட்டினாற்போல் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது அந்துப்பூச்சிப் புழு. கொஞ்சமாக இருக்கும்போதே முறத்தில் புடைத்து, நிழலில் பரப்பி ஆறவிட்டு, அந்த அரிசியை முதலில் செலவழிக்க வேண்டும். உச்சி வெயிலில் காயப்போட்டால் மணி வெடித்து, சமைக்கும்போது நொய்யாகிவிடும்.

மட்டையை இன்னும் சீக்கிரமாக முடிக்க வேண்டும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் காறல் வாடை வரும்.

எல்லாரும் செய்யும் ஒரு தவறு, பழைய அரிசி அடியில் இருக்கும்போதே புதுச் சிப்பத்தை மேலே கொட்டுவது. அடி அரிசி எப்போதும் அடியிலேயே தங்கி வண்டுக்கு வீடாகிறது. மிச்சத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, டிரம்மை ஈரமில்லாத துணியால் மூலை முடுக்கு விடாமல் துடைத்த பிறகே புதியதைக் கொட்டுங்கள்.

கோதுமை மாவு 10 கிலோ பை வாங்கலாமுங்களா?

வாரத்துக்கு எத்தனை சப்பாத்தி என்று எண்ணினால் பதில் தெரிந்துவிடும். நடுத்தர சப்பாத்தி ஒன்றுக்கு 25 முதல் 28 கிராம் மாவு ஆகும். நம் எடுத்துக்காட்டு வீட்டில் வாரத்தில் மூன்று இரவு, இரவுக்கு 12 சப்பாத்தி. 36 சப்பாத்திக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. 10 கிலோ பை பத்து வாரம் ஓடும்.

மாவுக்கு அது மிக நீண்ட காலம். அரைத்த தானியம் முழு மணியைவிடச் சீக்கிரம் கெடும், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை ஈரத்தில் கட்டி தட்டும், செம்பழுப்பு நிறச் சின்ன வண்டு சேரும். அந்த வீட்டுக்கு 5 கிலோ பைதான் சரி. தினமும் இரவு சப்பாத்தி செய்யும் வீட்டில், நாளுக்கு 12 என்றால் வாரம் 2.3 கிலோ ஆகும், 10 கிலோ ஒரு மாதத்தில் முடியும். அவர்கள் தாராளமாக வாங்கலாம்.

புட்டு மாவு இன்னும் குறைந்த நாள்தான் தாங்கும். மாதக் கணக்கில் இருப்பு வைக்காமல், இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வறுத்து வையுங்கள்.

பொங்கலு, ஓணம்னு விருந்தாளுங்க வந்தா கணக்கு தப்பிப் போகாதுங்களா?

விருந்தாளியை நாட்களாக மாற்றிக்கொண்டால் தப்பாது. பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு 100 கிராம் அரிசி என்று வையுங்கள். இரண்டு பேர், இரண்டு வேளை, நான்கு நாள் என்றால் 1600 கிராம். நம் வீட்டுச் செலவில் அது இரண்டே கால் நாள். காலண்டரில் குறித்து வைத்த முடியும் தேதியிலிருந்து இரண்டு நாளைக் கழித்துவிட வேண்டியதுதான்.

இலை போட்டுச் சாப்பிடும் நாளில் மட்டும் 100 போதாது, 150 வைத்துக்கொள்ளுங்கள். சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை சோறு விழும். பாயசத்துக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் பச்சரிசிதான் என்பதால் அவை சிப்பக் கணக்கில் சேராது.

பெரியவன் ஹாஸ்டலுக்குப் போயிட்டான். இப்ப அஞ்சுல ஒண்ணக் கழிச்சாப் போதுமா?

போதாது. 707 கிராமை ஐந்தால் வகுத்து ஒரு பங்கைக் கழித்தால் 566 வரும், சிப்பம் 46 நாள் ஓடும் என்று தோன்றும். ஆனால் அந்த வீட்டில் வளரும் பையன் சாப்பிட்டதும் பாட்டி சாப்பிட்டதும் ஒரே அளவில்லை. அவன் போன வாரத்திலிருந்து மறுபடி ஏழு நாள் கோடு போட்டுப் பார்த்தால், காலை 3 டம்ளர் 2 ஆகியிருக்கும், ஞாயிறு 5 டம்ளர் 4 ஆகவோ மூன்றரை ஆகவோ இறங்கியிருக்கும். வாரத்துக்கு 30 இருந்தது 22 டம்ளரானால் 3630 கிராம், சிப்பம் 50 நாள்.

50 நாள் என்பது வண்டுக் கணக்கில் எல்லைக்கோடு. அந்த வீட்டுக்கு இனி 26 கிலோ சிப்பம் பெரிது. மழைக்காலம் முடியும்வரை 10 கிலோ பையாக வாங்கட்டும். வாரம் 3630 கிராம் கணக்கில் அது 19 நாள் வரும். பையன் விடுமுறைக்கு வரும் மாதத்துக்கு மட்டும் மறுபடி சிப்பம்.